விலை கேட்டுத் திரும்பியவர்கள்

மருந்துக்கடையில் சீட்டை நீட்டி, விலையைக் கேட்டு, சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பிப் போகிற ஒருவரை நாம் எல்லோரும் எப்போதாவது பார்த்திருப்போம். அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்கும்போது மனதில் ஒரு கேள்வி எழும். ஒரு மாத்திரையைச் செய்ய ஆகும் செலவு கொஞ்சம்தான் என்கிறார்களே, விலையைப் பாதியாக்கினால் இவரும் வாங்கியிருப்பாரே, கம்பெனிக்கும் வியாபாரம்தானே, பிறகு ஏன் குறைக்க மறுக்கிறார்கள்?

பேராசை என்று சொல்லிவிடலாம். ஆனால் அது விடையாகாது. பேராசைக்காரராக இருந்தால் திரும்பிப் போகிறவரின் பணத்தையும் அல்லவா விட்டுவைக்கக் கூடாது? லாபம் ஒன்றே குறியாக இருப்பவர், லாபம் தரக்கூடிய வாடிக்கையாளரைத் தெரிந்தே வெளியே அனுப்புகிறார். இந்த அத்தியாயம் அந்தப் புதிரைப் பற்றியது.

31 மடங்கு

முதலில் நடந்த கதை ஒன்று. சோராஃபெனிப் என்பது முற்றிய ஈரல் புற்றுநோய்க்கும் சிறுநீரகப் புற்றுநோய்க்கும் தரப்படும் மாத்திரை. நோயைக் குணப்படுத்தாது. ஈரல் புற்றுநோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், மாத்திரை சாப்பிட்டவர்கள் சராசரியாக இரண்டே முக்கால் மாதம் கூடுதலாக உயிரோடிருந்தார்கள். பேயர் நிறுவனம் அதை நெக்ஸாவர் என்ற பெயரில் விற்றது. 2008 மார்ச்சில் அதற்கு இந்தியக் காப்புரிமை கிடைத்தது. ஒரு மாதத்துக்கான 120 மாத்திரைகளின் விலை சுமார் 2,80,000 ரூபாய்.

ஹைதராபாத்தைச் சேர்ந்த நாட்கோ நிறுவனம் அதே மருந்தை 8,880 ரூபாய்க்குத் தர முடியும் என்று காப்புரிமை அலுவலகத்திடம் விண்ணப்பித்தது. இரண்டு விலைகளுக்கும் இடையே 31 மடங்கு வித்தியாசம். நாட்கோ தர்மத்துக்கு நடக்கும் அமைப்பும் அல்ல. 8,880 ரூபாய்க்கு விற்றாலும் அதற்குக் கட்டுபடியாகும் என்றுதான் கேட்டது. அப்படியானால் பேயர் 50,000 ரூபாய்க்கு விற்றிருந்தால்கூட ஒவ்வொரு பெட்டியிலும் லாபம் இருந்திருக்கும். ஆனாலும் விலை குறையவில்லை.

காரணத்தைப் பார்க்க, நிஜக் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

பத்துக் குடும்பங்கள்

ஓர் ஊரில் பத்துக் குடும்பங்களுக்கு ஒரே மருந்து தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு ஒரு பெட்டி. முதல் குடும்பத்தால் அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை புரட்ட முடியும். இரண்டாவதால் 9,000, மூன்றாவதால் 8,000. இப்படியே இறங்கி, பத்தாவது குடும்பத்தால் 1,000 ரூபாய்தான் முடியும். ஒரு பெட்டி செய்ய ஆகும் செலவு 1,000 ரூபாய்.

மருந்தை விற்கும் உரிமை ஒருவரிடம் மட்டுமே இருக்கிறது. இந்த நிலைக்கு முற்றுரிமை என்று பெயர். யார் யாரால் எவ்வளவு முடியும் என்று அவருக்குத் தனித்தனியே தெரியாது. எல்லோருக்கும் ஒரே விலைதான் வைக்க முடியும்.

10,000 என்று விலை வைத்தால் ஒரு பெட்டி விற்கும், லாபம் 9,000. விலையை 9,000 ஆக்கினால் இரண்டு விற்கும், லாபம் 16,000. 8,000 ஆக்கினால் மூன்று, லாபம் 21,000. 7,000க்கு நான்கு, லாபம் 24,000. 6,000க்கு ஐந்து, லாபம் 25,000. இதுவரை விலையைக் குறைக்கக் குறைக்க லாபம் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. நம் மருந்துக்கடைக் கேள்விக்குள் இருந்த நம்பிக்கை இதுதான்: குறைத்தால் அதிகம் விற்கும், அதிகம் விற்றால் லாபம்.

இன்னும் ஒரு படி இறங்குவோம். விலையை 5,000 ஆக்கினால் ஆறாவது குடும்பமும் வாங்கும். லாபம் ஆறு பெட்டிக்கு 24,000. ஏறிவந்த லாபம் இப்போது 1,000 ரூபாய் சரிந்துவிட்டது.

என்ன ஆயிற்று? ஆறாவது குடும்பம் 5,000 ரூபாய் கொண்டுவந்தது உண்மை. ஆனால் அதை உள்ளே வரவைக்க, ஏற்கெனவே 6,000 கொடுத்துக்கொண்டிருந்த ஐந்து குடும்பங்களுக்கும் ஆளுக்கு 1,000 ரூபாயை விற்பவர் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. அங்கே 5,000 போயிற்று, இங்கே 5,000 வந்தது. கூடுதல் வருமானம் பூஜ்யம். பெட்டி செய்த 1,000 ரூபாய் மட்டும் கைநஷ்டம்.

பொருளியலார் இதை இறுதிநிலை வருவாய் என்கிறார்கள். கூடுதலாக ஒரு பெட்டி விற்பதால் கல்லாவில் உண்மையில் எவ்வளவு ஏறுகிறது என்பதுதான் அது. ஒரே விலை வைக்க வேண்டியவருக்கு அது அந்தப் பெட்டியின் விலையைவிட எப்போதும் குறைவாகவே இருக்கும், பழைய வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கும் தள்ளுபடி அதிலிருந்து கழிந்துவிடுவதால். ஆறாவது குடும்பத்தின் 5,000 ரூபாய் செலவைப்போல ஐந்து மடங்கு. ஆனாலும் விற்பவருக்கு அந்தக் குடும்பம் நஷ்டக் கணக்கு.

ஆகவே அவர் 6,000 ரூபாயில் நின்றுவிடுவார். ஐந்து குடும்பங்கள் வாங்கும், ஐந்து குடும்பங்கள் விலை கேட்டுத் திரும்பும்.

இரண்டாவது கடை

இப்போது அதே ஊரில் வேறொருவரும் அதே மருந்தைச் செய்து விற்க வருகிறார். செலவு அவருக்கும் 1,000 ரூபாய்தான். வாசலில் நிற்கும் ஆறாவது குடும்பத்தை அவர் எப்படிப் பார்ப்பார்? அவருக்குப் பழைய வாடிக்கையாளர் யாருமில்லை, ஆகவே இழக்க ஒன்றுமில்லை. 5,000க்கு விற்றால் 4,000 லாபம். முதல் கடைக்காரர் விரட்டிய அதே ஆள் இவருக்கு வரவு.

வாடிக்கை கைவிட்டுப் போவதைப் பார்த்து முதல் கடைக்காரர் 4,500க்கு இறங்குவார். இவர் 4,000க்கு. மூன்றாவதாக ஒருவர் வந்தால் இன்னும் கீழே. அடுத்தவரைவிடக் கொஞ்சம் குறைத்தால் லாபம் என்ற நிலை இருக்கும்வரை இந்த இறக்கம் தொடரும். அது செலவுக்குப் பக்கத்தில், 1,000 ரூபாய் வாக்கில்தான் நிற்கும். அங்கே பத்துக் குடும்பங்களுக்கும் மருந்து கிடைக்கும். பத்தாவது குடும்பம் மட்டும் வாங்கலாமா வேண்டாமா என்ற விளிம்பில் நிற்கும்.

போட்டியில் இருக்கும் வியாபாரி முற்றுரிமையாளரைவிட நல்லவராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. இருவரும் ஒரே லாபக் கணக்கைத்தான் போடுகிறார்கள். ஒருவர் விலையைக் குறைக்கும்போது தன் பணத்தையே இழக்கிறார். மற்றவர் குறைக்கும்போது எதிர்க்கடைக்காரர் இழக்கிறார். வித்தியாசம் அவ்வளவுதான்.

நெக்ஸாவர் கதையிலும் இதைக் காணலாம். காப்புரிமை தொடர்பான வழக்கு ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்கும்போதே சிப்லா நிறுவனம் அதே மருந்தைச் சந்தைக்குக் கொண்டுவந்து, மாதத்துக்கு ஏறத்தாழ 28,000 ரூபாய்க்கு விற்றுவந்தது. பேயரின் விலையில் அது பத்தில் ஒரு பங்கு, ஆனாலும் நாட்கோ சொன்ன விலையைப் போல மூன்று மடங்கு. 2012 மார்ச்சில் நாட்கோவுக்கு 8,880 ரூபாய்க்கு விற்க அனுமதி கிடைத்தது. மே மாதத்திலேயே சிப்லா தன் விலையை 6,840 ரூபாயாக இறக்கிவிட்டது. இரண்டு மாதத்தில் மாத்திரை செய்யும் செலவு நான்கில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்காது. மாறியது எதிரே நின்ற போட்டியாளரின் விலை.

பணம் எங்கே போனது?

இனி, முற்றுரிமையால் ஊருக்கு என்ன நஷ்டம் என்று கணக்கிடலாம். இங்கேதான் பெரும்பாலானவர்கள் தவறான இடத்தைச் சுட்டுவார்கள். 1,000 ரூபாய் மருந்தை 6,000க்கு விற்றாரே, ஐந்து பேரிடம் ஆளுக்கு 5,000 கூடுதலாகப் பிடுங்கினாரே, 25,000 ரூபாய் நஷ்டம் என்பார்கள்.

அந்த 25,000 அழிந்துபோகவில்லை. ஐந்து குடும்பங்களின் பையிலிருந்து விற்பவரின் பைக்கு இடம் மாறியது. அது நியாயமா என்று கோபப்படலாம், கோபப்பட வேண்டியும் இருக்கலாம். ஆனால் ஊரின் மொத்தச் செல்வத்தை எண்ணினால் அந்த 25,000 அப்படியேதான் இருக்கிறது.

அழிந்தது வேறு. ஒரு பொருளுக்கு நாம் கொடுக்கத் தயாராக இருப்பதற்கும், அதைச் செய்ய ஆகும் செலவுக்கும் உள்ள வித்தியாசமே அந்தக் கொடுக்கல் வாங்கலால் பிறக்கும் ஆதாயம். விலை என்பது அந்த ஆதாயத்தை வாங்குபவரும் விற்பவரும் பங்கிட்டுக்கொள்ளும் கோடு மட்டுமே. நம் ஊரில் போட்டி இருந்தபோது முதல் குடும்பத்திடம் 9,000, இரண்டாவதிடம் 8,000 என்று ஆதாயம் பிறந்தது. பத்தாவதிடம் பூஜ்யம். கூட்டினால் 45,000 ரூபாய். விலை 1,000 என்பதால் எல்லாம் வாங்குபவர்களுக்கே சேர்ந்தது.

முற்றுரிமையில் 6,000 ரூபாய் விலையில் வாங்கிய ஐந்து குடும்பங்களுக்கு மிஞ்சியது 4,000, 3,000, 2,000, 1,000, பூஜ்யம். மொத்தம் 10,000. விற்பவருக்கு 25,000. இரண்டும் சேர்ந்து 35,000.

45,000 இருந்த இடத்தில் 35,000. மீதி 10,000 எங்கே? வாங்கியவர்களிடமும் இல்லை, விற்றவரிடமும் இல்லை, அரசுக்கு வரியாகவும் போகவில்லை. அது திரும்பிப் போன குடும்பங்களிடம் பிறந்திருக்க வேண்டிய ஆதாயம். ஆறாவது குடும்பத்திடம் 4,000, ஏழாவதிடம் 3,000, எட்டாவதிடம் 2,000, ஒன்பதாவதிடம் 1,000. வியாபாரம் நடக்காததால் அது பிறக்கவே இல்லை.

இப்படி எவர் கைக்கும் போய்ச் சேராமல் மறையும் ஆதாயத்தை வெற்றிழப்பு என்று அழைப்போம். ஒருவர் இழந்ததை இன்னொருவர் பெறாத, வெறுமனே போன இழப்பு. பாடநூல்களில் அதை ஒரு முக்கோணமாக வரைந்திருப்பார்கள். நம் 4, 3, 2, 1 என்ற படிக்கட்டைத் தூர நின்று பார்த்தால் தெரிவது அந்த முக்கோணம்தான்.

இந்தக் கணக்கின் வேர் பாலங்களில் இருக்கிறது. ஜூல் டூப்யூயி என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1844இல் எழுதிய கட்டுரையில், பாலத்தைக் கடக்கச் சுங்கம் வைத்தால் என்ன நடக்கும் என்று யோசித்தார். கட்டி முடித்த பாலத்தில் இன்னும் ஒருவர் நடந்து போவதால் கூடுதல் செலவு கிட்டத்தட்ட ஏதுமில்லை. சுங்கம் கொடுத்துப் போகிறவர்களின் பணம் பாலக்காரரிடம் சேர்கிறது. சுங்கத்துக்குப் பயந்து போகாமல் நின்றுவிட்டவர்களின் பயன் யாரிடமும் சேர்வதில்லை.

பணக்காரர் சிலர், ஏழைகள் பலர்

பத்துக் குடும்பக் கணக்கில் பாதிப் பேருக்கு மருந்து கிடைத்தது. நெக்ஸாவர் விஷயத்தில் நிலைமை அதைவிட மோசம். காப்புரிமை பெற்ற நிறுவனத்திடமிருந்து, தேவைப்பட்ட நோயாளிகளில் 2 சதவீதத்துக்குச் சற்று மேற்பட்டவர்களுக்கே மருந்து எட்டியது என்று, நாட்கோவுக்கு அனுமதி தந்த 2012 ஆணை குறிப்பிட்டது. ஏன் இவ்வளவு குறைவு?

ஊரைக் கொஞ்சம் மாற்றிப் பார்ப்போம். பத்துக் குடும்பங்களில் இரண்டால் ஒரு லட்சம் ரூபாய் வரை முடியும். மற்ற எட்டாலும் ஆளுக்கு 8,000தான் முடியும். செலவு அதே 1,000. ஒரு லட்சம் விலை வைத்தால் இரண்டு பெட்டி விற்று 1,98,000 ரூபாய் லாபம். 8,000 வைத்தால் பத்துப் பெட்டியும் விற்கும், ஆனால் லாபம் 70,000தான். விற்பவர் எதைத் தேர்வார் என்று சொல்ல வேண்டியதில்லை. இடையில் 50,000, 30,000 என்று குறைப்பதிலும் அவருக்குப் பயனில்லை. அந்த விலைகளில் புதிதாக ஒருவரும் வர மாட்டார்கள்.

வருமானத்தில் பள்ளம் மேடு அதிகமாக உள்ள நாட்டில், முற்றுரிமையாளரின் லாபக் கணக்கு மேட்டில் இருப்பவர்களை மட்டும் பார்த்து விலை வைக்கச் சொல்கிறது. எட்டுக் குடும்பங்கள் வெளியே நிற்பது அவருக்கு விற்பனைத் தோல்வியாகத் தெரியாது. அவர்களை வெளியே நிறுத்தும் விலைதான் அவருக்கு உகந்த விலை.

ஆளுக்கொரு விலை வைத்தால் என்ன என்று கேட்கலாம். பணக்காரருக்கு லட்சம், மற்றவருக்கு 8,000. அப்படி முடிந்தால் பத்துப் பேருக்கும் மருந்து கிடைக்கும், வெற்றிழப்பு மறைந்துவிடும். ஆதாயம் முழுவதும் விற்பவருக்கே போகும் என்பது வேறு விஷயம். ஆனால் அதற்கு யாரால் எவ்வளவு முடியும் என்று தெரிய வேண்டும். 8,000க்கு வாங்கியவர் அதை வெளியே 50,000க்கு விற்றுவிடாமல் தடுக்கவும் வேண்டும். மாத்திரை கைமாறுவது எளிது. ரயில் டிக்கெட்டில் பெயர் இருக்கிறது, அதனால் மூத்த குடிமக்களுக்கு ஒரு விலை, மற்றவர்களுக்கு ஒரு விலை என்று வைப்பது சாத்தியம். மாத்திரைப் பெட்டியில் பெயர் இல்லை.

சென்னையில் வந்த தீர்ப்பு

இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு, காப்புரிமை வழங்கி மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு ஒருவர் கட்டாய உரிமம் கேட்கலாம் என்கிறது. உரிமையாளர் சம்மதிக்காவிட்டாலும், அவருக்கு ஒரு பங்கு கொடுத்துவிட்டு அந்தப் பொருளைச் செய்து விற்கும் அனுமதி அது. மக்களின் நியாயமான தேவை நிறைவேறவில்லை, எட்டக்கூடிய விலையில் கிடைக்கவில்லை, இந்திய மண்ணில் பயன்பாட்டுக்கு வரவில்லை ஆகிய மூன்றில் ஒரு காரணம் போதும். 2012 மார்ச் 9 அன்று காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர் பி.எச். குரியன் மூன்றுமே இருப்பதாகக் கண்டு நாட்கோவுக்கு உரிமம் வழங்கினார். விற்பனையில் 6 சதவீதம் பேயருக்குப் போக வேண்டும் என்றார்.

பேயர் மேல்முறையீடு செய்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்தில், நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் தலைமையிலான அமர்வு 2013 மார்ச்சில் உரிமத்தை உறுதிசெய்து, பேயரின் பங்கை 7 சதவீதமாக உயர்த்தியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2014 டிசம்பரில் முடிந்தது. உரிமம் நிலைத்தது.

சிப்லாவின் மருந்தும் சந்தையில் இருக்கிறதே, மக்களுக்குக் கிடைக்காமலா போயிற்று என்பது பேயர் வைத்த வாதங்களில் ஒன்று. அதே சிப்லாவை நிறுத்தச் சொல்லித்தான் அது வழக்கும் நடத்திக்கொண்டிருந்தது. அந்த வாதம் எடுபடவில்லை.

கணக்கின் இரண்டு ஓட்டைகள்

இதுவரை நாம் போட்ட கணக்கு சரி, ஆனால் முழுமையானதல்ல. முதல் ஓட்டை காலத்தைப் பற்றியது. நம் ஊரில் மருந்து ஏற்கெனவே இருந்தது. செய்யும் செலவு 1,000 ரூபாய் என்று தொடங்கினோம். நிஜத்தில் அதைக் கண்டுபிடிக்க ஒருவர் பல ஆண்டுகள் செலவழித்திருக்கிறார். தோற்றுப்போன மருந்துகளின் செலவும் அவர் தலையில்தான். முதல் நாளே 1,000 ரூபாய்க்கு விற்கத்தான் வேண்டும் என்றால் யாரும் கண்டுபிடிக்கும் வேலையில் இறங்க மாட்டார்கள், அப்போது பத்துக் குடும்பங்களுக்கும் மருந்து இருக்காது. காப்புரிமை என்பது தெரிந்தே செய்யும் பேரம்: இருபது ஆண்டு வெற்றிழப்பை ஏற்றுக்கொள்கிறோம், பதிலுக்கு ஒரு மருந்து பிறக்கிறது. கட்டாய உரிமத்துடன் சேர்ந்துவரும் 7 சதவீதம், அந்தப் பேரத்தை முறிக்காமல் அதன் விலையை மாற்ற எடுத்த முயற்சி. அது போதுமா, அதிகமா என்பதில் இன்றும் சண்டை இருக்கிறது.

இரண்டாவது ஓட்டை ஆழமானது. பத்தாவது குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். அதனால் 1,000 ரூபாய்தான் முடிந்தது, செலவும் 1,000. ஆகவே அந்தக் குடும்பம் மருந்தில்லாமல் போனதால் வந்த வெற்றிழப்பு பூஜ்யம் என்று நம் கணக்கு சொல்கிறது. 500 ரூபாய் மட்டுமே உள்ள பதினோராவது குடும்பம் ஒன்று இருந்திருந்தால், போட்டிச் சந்தையும் அதை வெளியிலேயே நிறுத்தியிருக்கும், நம் கணக்கும் அதைச் சரி என்றிருக்கும். அந்த வீட்டில் இருக்கும் நோய் முதல் குடும்பத்தின் நோய்தான். வெற்றிழப்பு ரூபாயில் அளக்கிறது. எவ்வளவு வேண்டும் என்பதையும் எவ்வளவு முடியும் என்பதையும் அந்த அளவுகோலால் பிரித்துப் பார்க்க முடியாது.

நெக்ஸாவருக்கு இதைப் பொருத்தினால் 8,880 ரூபாயின் பொருளும் தெரியும். 2,80,000த்துக்கும் 8,880க்கும் இடையே நின்றவர்களைத்தான் போட்டி உள்ளே அழைத்தது. மாதம் 8,880 ரூபாயும் முடியாதவர்களுக்கு அந்த விலைக்குறைப்பால் ஒன்றும் மாறியிருக்காது. கட்டுப்பாட்டாளருக்கும் இது தெரிந்திருந்தது. ஆண்டுக்கு 600 ஏழை நோயாளிகளுக்காவது நாட்கோ மருந்தை இலவசமாகத் தர வேண்டும் என்ற நிபந்தனையையும் அவர் உரிமத்தில் சேர்த்திருந்தார்.

மருந்துக்கடை வாசலுக்குத் திரும்புவோம். வாங்கிப் போனவரிடம் ரசீது இருக்கிறது. எவ்வளவு கூடுதலாகக் கொடுத்தோம் என்று அவரால் காட்ட முடியும், வழக்குப் போட முடியும், பத்திரிகைக்கு எழுத முடியும். கம்பெனியின் ஆண்டறிக்கையில் லாபம் அச்சாகிறது. விலையை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பியவருக்கு ரசீது கிடையாது. அதனால்தான் நாட்கோ வழக்கில் விற்ற பெட்டிகளை மட்டும் எண்ணினால் போதவில்லை. எத்தனை பேருக்கு நோய் இருக்கிறது என்று முதலில் எண்ணி, அதோடு விற்ற பெட்டிகளை ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் அந்த 2 சதவீதம் தெரிந்தது.